ஒரே பார்லே, மூன்று கணக்கு: பிளஸும் மைனஸும் கலந்த சீட்டுக்கு எந்த வழி?

அமெரிக்காவில் இருக்கும் நண்பர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பந்தயச் சீட்டைப் படமெடுத்து அனுப்பினார். மூன்று ஆட்டங்களை ஒரே பந்தயமாகச் சேர்த்துக் கட்டிய பார்லே, மூன்றிலும் ஜெயித்தால்தான் பணம். முதல் ஆட்டத்தில் ஜெயிக்கும் என்று ஊரே நம்புகிற அணி, அதன் ஆட்ஸ், அதாவது பந்தய விகிதம், −150. இரண்டாவதில் தோற்கும் என்று பலரும் நினைக்கிற அணி, +130. மூன்றாவது, புள்ளி வித்தியாசத்தின் மேல் கட்டும் ஸ்ப்ரெட் பந்தயம், −110. போட்ட பணம் 20 டாலர். கூடவே ஒரு கேள்வி: "மூணையும் கூட்டினா −130 வருது. அப்ப 20 டாலருக்கு 15 டாலர் சொச்சம்தானே லாபம்? இங்க 126னு காட்டுதே, ஏதாவது தப்பா?"

தப்பு சீட்டில் இல்லை, கூட்டியதில்தான். அமெரிக்க ஆட்ஸில் பிளஸ் எண்ணும் மைனஸ் எண்ணும் ஒரே அளவுகோலில் இருப்பவை அல்ல. +130 என்றால் 100 டாலர் போட்டால் 130 லாபம். −150 என்றால் 100 டாலர் லாபம் வேண்டுமானால் 150 போட வேண்டும். பிளஸ் எண் லாபத்தைச் சொல்கிறது, மைனஸ் எண் போட வேண்டிய பணத்தைச் சொல்கிறது. இரண்டையும் கூட்டுவது ஒருவரின் சம்பளத்தையும் இன்னொருவரின் கடனையும் கூட்டிச் சராசரி பார்ப்பது மாதிரி. விடை ஒன்று வரும், ஆனால் அதற்கு அர்த்தம் இருக்காது.

சரி, அப்படியானால் எப்படிக் கணக்குப் போடுவது? மூன்று வழிகள் உண்டு. ஒழுங்காகப் போட்டால் மூன்றும் ஒரே விடையைத் தரும். எந்த வழி எதற்கு உதவும், எங்கே காலை வாரும் என்பதில்தான் வித்தியாசம். நண்பரின் சீட்டையே வைத்து மூன்றையும் போட்டுப் பார்க்கலாம்.

முதல் வழி: பணத்தை உருட்டிக்கொண்டே போவது

பார்லே என்பது உண்மையில் என்ன என்று புரிய இதைவிட நல்ல வழி கிடையாது. முதல் ஆட்டத்தில் ஜெயித்தால் கிடைக்கும் மொத்தப் பணத்தையும், அதாவது போட்டதும் லாபமும் சேர்ந்து, அப்படியே இரண்டாவது ஆட்டத்தில் போடுகிறீர்கள். அதில் வருவது முழுவதும் மூன்றாவதற்குப் போகிறது. நடுவில் ஒன்று தோற்றால் எல்லாம் போச்சு. பார்லேயில் ஒவ்வொரு ஆட்டத்தையும் லெக் என்பார்கள்.

முதல் லெக், −150. 150 போட்டால் 100 லாபம். 20 டாலருக்கு 20 × 100 ÷ 150, அதாவது 13.33 டாலர். போட்ட 20ஐயும் சேர்த்தால் கையில் 33.33.

இரண்டாவது லெக், +130. இப்போது போடுவது 20 அல்ல, 33.33. லாபம் 33.33 × 130 ÷ 100 = 43.33. கையில் 76.66.

மூன்றாவது லெக், −110. லாபம் 76.66 × 100 ÷ 110 = 69.69. கையில் 146.35.

ஆக மொத்தம் 146.35, அதில் லாபம் 126.35. ஆனால் நண்பரின் சீட்டில் 146.36 என்று இருந்தது. அந்த ஒரு சென்ட் எங்கே போனது? ஒவ்வொரு படியிலும் இரண்டு தசம இடத்தோடு நாம் நிறுத்திக்கொண்டதில் உதிர்ந்தது. ஒரு சென்டுக்காக யாரும் சண்டை போடப் போவதில்லை. ஆனால் லெக்குகள் ஏழெட்டு ஆகும்போதும், போடும் பணம் பெரிதாகும்போதும் அந்த உதிரல் வளரும். நேரமும் பிடிக்கும். ஒவ்வொரு படியிலும் "இது பிளஸா மைனஸா, எதால் பெருக்கி எதால் வகுப்பது" என்று நின்று யோசிக்க வேண்டும். தடுமாறுகிற இடம் அதுதான். −150ஐப் பார்த்ததும் கை தன்னால் 20 × 150 ÷ 100 என்று தட்டிவிடும், லாபம் 30 என்று வரும். ஜெயிக்கும் என்று நம்புகிற அணியின் மேல் 20 போட்டு 30 லாபமா? மைனஸ் ஆட்ஸில் லாபம் போட்ட பணத்தைவிட எப்போதும் குறைவாகத்தான் இருக்கும் (−100 மட்டும் சமம்). கூடுதலாக வந்தால் பின்னத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இந்த வழியை ஒரே ஒரு தடவை, ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். அப்புறம் இது தேவைப்படாது.

இரண்டாவது வழி: ஒவ்வொன்றையும் ஒரு பெருக்கல் எண்ணாக்குவது

மேலே ஒவ்வொரு படியிலும் செய்தது ஒன்றேதான்: கையில் இருந்த பணம் இத்தனை மடங்கு ஆனது. அந்த மடங்கை முதலிலேயே கண்டுபிடித்துவிட்டால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பெருக்கிவிடலாம். இதற்குத்தான் டெசிமல் ஆட்ஸ் என்று பெயர்.

புத்தகங்களில் இரண்டு சூத்திரம் கொடுப்பார்கள், பிளஸுக்கு ஒன்று, மைனஸுக்கு ஒன்று. எனக்கு அவை எப்போதும் ஒன்றோடொன்று குழம்பும். ஒரு பின்னமாக நினைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை. குறியை மறந்துவிட்டு எண்ணோடு 100ஐக் கூட்டி மேலே எழுதுங்கள். பிளஸோ மைனஸோ, மேல் பகுதி எப்போதும் இதுதான். கீழே எழுதுவது நீங்கள் போட வேண்டிய பணம்: பிளஸ் என்றால் 100, மைனஸ் என்றால் அந்த எண்ணேதான்.

−150 என்றால் 250 ÷ 150. +130 என்றால் 230 ÷ 100. −110 என்றால் 210 ÷ 110. மேலே இருப்பது ஜெயித்தால் கைக்கு வரும் மொத்தம், கீழே இருப்பது அதற்காகப் போட்டது. மனப்பாடம் செய்ய எதுவுமில்லை, அர்த்தமே சூத்திரமாக இருக்கிறது.

இனி கால்குலேட்டரில் இப்படியே இடமிருந்து வலமாகத் தட்டிக்கொண்டு போங்கள், நடுவில் எதையும் எழுதி வைக்காமல்:

```
20 × 250 ÷ 150 × 230 ÷ 100 × 210 ÷ 110 = 146.3636...
```

146.36. சீட்டில் இருந்தது இதேதான். 20ஐக் கழித்தால் லாபம் 126.36.

"நடுவில் எழுதி வைக்காமல்" என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்த வழியில் நடக்கும் தப்பு அனேகமாக அங்கேதான். 250 ÷ 150 என்பது 1.6666 என்று முடிவில்லாமல் போகும். 210 ÷ 110ம் 1.9090 என்று ஓடும். அழகுக்காக 1.67, 2.30, 1.91 என்று சுருக்கிப் பெருக்கினால் 146.73 வருகிறது, 37 சென்ட் அதிகம். கீழ்ப்பக்கமாக வெட்டி 1.66, 2.30, 1.90 என்று போட்டால் 145.08 வருகிறது, ஒரு டாலருக்கு மேல் குறைவு. இரண்டும் பார்க்க நியாயமான எண்கள்தான், அதனால் சந்தேகமே வராது. நீங்கள் போட்ட கணக்கும் சீட்டும் சில சென்ட் முதல் ஓரிரு டாலர் வரை ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சுருக்கலைத்தான். வித்தியாசம் சரியாகப் போட்ட பணத்தின் அளவே, இங்கே 20 டாலராக இருந்தால், அது வேறு கதை: ஒரு இடத்தில் மொத்தத்தையும் இன்னொரு இடத்தில் லாபத்தை மட்டும் பார்க்கிறீர்கள். போனஸாகக் கிடைத்த பந்தயப் பணத்தில் கட்டியிருந்தாலும் பொதுவாக இப்படித்தான் இருக்கும். ஜெயித்தால் லாபம் 126.36 வரும், போட்ட போனஸ் 20 திரும்பி வராது.

அடிக்கடி பார்க்கிறவர்கள் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றிக்கொள்ளலாம். A1 முதல் A3 வரை ஆட்ஸைக் குறியோடு எழுதிவிட்டு, B1இல் முதல் வரியைப் போட்டு B3 வரை இழுத்துவிடுங்கள். இரண்டாவது வரி மொத்தத் தொகைக்கு:

```
=IF(A1>0, 1+A1/100, 1+100/ABS(A1))
=20*PRODUCT(B1:B3)
```

இந்த வழியின் பெரிய லாபம் வேறொரு இடத்தில் தெரிகிறது: பந்தயம் ஏற்கும் நிறுவனங்களான ஸ்போர்ட்ஸ்புக்குகள் இரண்டை ஒப்பிடும்போது. நண்பரின் அதே மூன்று அணிகளுக்கு இன்னொரு இடத்தில் −160, +140, −110 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் அணிக்கு ஆட்ஸ் பத்துப் புள்ளி மோசம், இரண்டாவதற்குப் பத்துப் புள்ளி நல்லது. பத்துக்குப் பத்து சரியாகப் போய்விட்டது என்றுதானே தோன்றும்? தட்டிப் பாருங்கள். 20 × 260 ÷ 160 × 240 ÷ 100 × 210 ÷ 110 என்றால் 148.91. இரண்டாவது இடம் 2.55 டாலர் அதிகம் தருகிறது. காரணம் எளிது. −150 என்பது −160 ஆனதில் மடங்கு 1.667இலிருந்து 1.625க்கு இறங்கியது, நூற்றுக்கு இரண்டரை சரிவு. +130 என்பது +140 ஆனதில் மடங்கு 2.30இலிருந்து 2.40க்கு ஏறியது, நூற்றுக்கு நாலேகால் ஏற்றத்துக்குக் கொஞ்சம் மேல். பத்துப் புள்ளிக்கு எல்லா இடத்திலும் ஒரே மதிப்பு கிடையாது. −300 பக்கம் போனால் பத்துப் புள்ளி மாறுவதில் நூற்றுக்கு ஒன்றுகூட மாறாது. கலந்த ஆட்ஸை வெறும் கண்ணால் எடை போட முடியாது என்பது இதனால்தான்.

மூன்றாவது வழி: பின்னத்தைத் தலைகீழாக்குவது

அதே பின்னங்களைக் கவிழ்த்துப் போடுங்கள். 150 ÷ 250 என்பது 0.60. 100 ÷ 230 என்பது 0.4348. 110 ÷ 210 என்பது 0.5238. இவை, அந்த ஆட்ஸில் போட்டு நஷ்டமில்லாமல் தப்பிக்க ஒவ்வொரு அணியும் எவ்வளவு அடிக்கடி ஜெயிக்க வேண்டும் என்பதைச் சொல்கின்றன. முதல் அணி நூறில் 60 தடவை, இரண்டாவது 43 சொச்சம், மூன்றாவது 52 சொச்சம். மூன்றையும் பெருக்கினால் 0.1366 வருகிறது. 1ஐ அதால் வகுத்தால் மறுபடியும் அதே 7.318 மடங்கு, 20 டாலருக்கு 146.36.

எவ்வளவு வரும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ள இது சுற்று வழி, இரண்டாவது வழியே போதும். ஆனால் மற்ற இரண்டும் சொல்லாத ஒன்றை இது சொல்கிறது. இந்தச் சீட்டு நூறு தடவையில் ஏறக்குறைய 13.7 தடவை முழுதாக ஜெயித்தால்தான் போட்ட பணம் திரும்பும். 126 டாலர் லாபம் என்று பார்க்கும்போது இருக்கும் கிறுகிறுப்பு, ஏழில் ஒரு தடவைகூட முழுதாக வராது என்று பார்க்கும்போது கொஞ்சம் இறங்கும்.

இன்னொன்றும் தெரியும். ஸ்ப்ரெட் பந்தயத்தில் இரண்டு பக்கமும் −110 என்று போட்டிருந்தால், இரண்டு பக்கத்துக்கும் 52.38, 52.38 என்று கூட்டினால் 104.76. நூறுக்கு மேல் இருக்கும் அந்த 4.76தான் ஸ்போர்ட்ஸ்புக்கின் கமிஷன். உண்மையில் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ஒரு ஆட்டத்தில் −110க்குப் போட்டால், நீண்ட ஓட்டத்தில் ஒவ்வொரு டாலருக்கும் 95.45 சென்ட் திரும்பும். அப்படி மூன்று ஆட்டங்களைப் பார்லேயாகக் கட்டினால் 0.9545ஐ மூன்று தடவை பெருக்க வேண்டும்: ஏறக்குறைய 0.87. அதாவது 20 டாலர் சீட்டில் சராசரியாக 2.60 டாலர் போய்விடும். தனித்தனியாகப் போட்டால் டாலருக்கு நாலரை சென்ட் இழப்பு, சேர்த்துக் கட்டினால் பதிமூன்று சென்ட். தொகை பெருகுகிற அதே பெருக்கல்தான் கமிஷனையும் பெருக்குகிறது.

கணக்கே போடாத வழி

நியாயமாக நான்காவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: அச்சிட்ட அட்டவணை. எல்லா லெக்கும் −110 ஸ்ப்ரெட்டாக இருந்தால், இரண்டு ஆட்டத்துக்கு 5க்கு 13, மூன்றுக்கு 1க்கு 6 என்று லாபம் தருவது அமெரிக்காவில் பழைய வழக்கம். 20 டாலருக்கு மூன்று ஆட்டம் என்றால் 120 லாபம், மொத்தம் 140. பெருக்கிப் பார்த்தால் 139.16தான் வர வேண்டும், ஆக அட்டவணை 84 சென்ட் கூடவே தருகிறது. அதைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். நான்கு ஆட்டத்துக்கு 1க்கு 10 என்று போட்டிருக்கும் அட்டவணையில் மொத்தம் 220, பெருக்கினால் 265.67. அங்கே 45 டாலருக்கு மேல் பறிபோகிறது.

அட்டவணையில் ஒரு சொல்லையும் கவனிக்க வேண்டும். "சிக்ஸ் டு ஒன்" என்றால் ஆறு மடங்கு லாபம், போட்ட பணம் தனியாகத் திரும்பும். "சிக்ஸ் ஃபார் ஒன்" என்றால் போட்ட பணமும் அந்த ஆறுக்குள்ளேயே அடக்கம். 20 டாலருக்கு முன்னதில் 140, பின்னதில் 120. எழுத்தில் அவ்வளவு சின்ன வித்தியாசம். எப்படியும் நண்பரின் சீட்டைப் போல பிளஸும் மைனஸும் கலந்துவிட்டால் இந்த அட்டவணைகள் உதவாது.

பெருக்கல் எடுபடாத இடங்கள்

ஸ்ப்ரெட் 3 புள்ளி என்று வைத்து, ஆட்டமும் சரியாக 3 புள்ளி வித்தியாசத்தில் முடிந்தால் அந்த லெக்கில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. இதற்குப் பெயர் புஷ். வழக்கமான பார்லேயில் அந்த லெக் கழன்று விழும், மீதி இரண்டும் நிற்கும். கணக்கில் அதன் பின்னத்தை எடுத்துவிட்டு 1ஆல் பெருக்கினால் போதும்: 20 × 250 ÷ 150 × 230 ÷ 100 = 76.67. ஆனால் அச்சிட்ட பார்லே கார்டுகள் சிலவற்றில் சமமாக முடிந்தால் தோல்வி என்று விதி இருக்கும். கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்காமல் இதைத் தெரிந்துகொள்ள முடியாது.

இரண்டாவது இடம் இன்னும் முக்கியம். ஒரே ஆட்டத்திலிருந்து இரண்டு மூன்று லெக் எடுத்துக் கட்டும் சேம் கேம் பார்லேக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு அணி ஜெயிக்கும் என்பதும், அமெரிக்கக் கால்பந்தில் அதே அணிக்காகப் பந்தை எறியும் குவாட்டர்பேக் நிறைய யார்டு எறிவார் என்பதும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருபவை. தனித்தனியாக நடப்பவை என்ற அனுமானத்தில்தான் பெருக்கலே நிற்கிறது. அதனால் ஸ்போர்ட்ஸ்புக் அங்கே தன் சொந்தக் கணக்கில் தனி ஆட்ஸ் போடுகிறது. இப்படிக் கைகோர்த்து வரும் லெக்குகளில் அது நீங்கள் பெருக்கி எடுப்பதைவிடக் குறைவாக இருக்கும். அது தப்பு அல்ல, அந்த வகைப் பந்தயமே அப்படி. திரையில் காட்டும் ஒற்றை ஆட்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு பின்னமாகக் கணக்கிடுங்கள்.

எதை எடுத்துக்கொள்வது

முதல் தடவை சீட்டைப் பார்ப்பவருக்கு நான் சொல்வது, உருட்டும் வழியை ஒரு முறை தாளில் போட்டுப் பார்த்துவிட்டு பின்னங்களுக்கு மாறிவிடுங்கள் என்பதுதான். சீட்டில் காட்டும் தொகை சரியா, எந்த இடத்தில் அதிகம் கிடைக்கும் என்ற கேள்விகளுக்கு அது போதும். பணம் கட்டுவதற்கு முன்னால், கட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் பின்னங்களைக் கவிழ்த்துப் போடுங்கள்.

நண்பருக்கும் இதையே எழுதி அனுப்பினேன். கால்குலேட்டரில் தட்டிவிட்டுப் பதில் போட்டார்: "146.36 வந்திருச்சு. ஆனா அந்த 13.7ஐ நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்." அதற்குள் முதல் ஆட்டம் தொடங்கிவிட்டிருந்தது.